பத்து நொடிக்கு எத்தனை கட்?

விளம்பரப் படம் எடுக்க வரும் வாடிக்கையாளருக்கு வேகம் பற்றி ஒரு பட்டியல் வேண்டும். குளிர்பானம் என்றால் பத்து நொடிக்கு எத்தனை கட், கார் என்றால் எத்தனை, காப்பீடு என்றால் எத்தனை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் எடிட்டரோடு வாதாட வேண்டியதில்லை. இந்த ஆசையில் தவறு ஒன்றும் இல்லை. எண்ணக்கூடிய எதையும் எண்ணிப் பார்ப்பதில்தான் அறிவியல் தொடங்குகிறது. மெக்லாக்லன், லோகன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1993-இல் அதைத்தான் செய்தார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியின் 30 நொடி விளம்பரங்களில் ஒரு ஷாட் சராசரியாக எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளந்தார்கள். 1978-இல் 3.8 நொடி நின்றது 1991-இல் 2.3 நொடியாகக் குறைந்திருந்தது. பத்து நொடிக் கணக்கில் சொன்னால், ஏறத்தாழ இரண்டரை ஷாட் இருந்த இடத்தில் நாலுக்கும் மேல் வந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. ஷாட்கள் குறுகக் குறுக விளம்பரம் நினைவில் நிற்பதும் வாங்கத் தூண்டுவதும் குறைந்தன. விளம்பர உலகம் ஒரு பக்கம் ஓட, பலன் மறுபக்கம் போயிருந்தது.

இதைப் படித்தவுடன் மெதுவாக வெட்டினால் நல்லது என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அந்த ஆய்வு காட்டியது வெறும் ஒட்டுறவை மட்டுமே. சொல்வதற்குச் சரக்கு இல்லாத விளம்பரங்கள்தான் வேகமான எடிட்டிங்கில் ஒளிந்துகொண்டன என்று எடுத்துக்கொண்டாலும் அதே புள்ளிவிவரம் கிடைக்கும். ஒரு கட் பார்ப்பவரின் தலைக்குள் என்ன செய்கிறது என்று தனியாகப் பார்க்காமல் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. அதைப் பார்த்தால், பொருளுக்கு ஏற்ற எண்ணிக்கை என்று ஒன்று முன்கூட்டியே கிடையாது என்பதும், ஸ்கிரிப்ட் எத்தனை எண்ணங்களாகப் பிரிந்திருக்கிறது, அந்தப் பொருளை நம்புவதற்குப் பார்ப்பவர் என்ன செய்தாக வேண்டும் என்ற இரண்டிலிருந்தும்தான் எண்ணிக்கை வந்து சேர்கிறது என்பதும் விளங்கும். இந்த அத்தியாயத்தின் வாதம் அதுதான்.

திரையில் காட்சி மாறிய கணத்தில் உடல் தன்னிச்சையாக அதன் பக்கம் திரும்புகிறது. திடீரென்று சத்தம் கேட்டால் தலை திரும்புவதைப் போன்ற அனிச்சைச் செயல் இது. இதயத் துடிப்பு சில நொடிகளுக்குச் சற்றே தணிகிறது, மூளை புதிதாக வந்ததை உள்வாங்கத் தயாராகிறது. கண்ணுக்கும் வேலை இருக்கிறது. புது ஷாட் வந்ததும் பார்வை பெரும்பாலும் திரையின் நடுப்பகுதிக்கு வந்து, அங்கிருந்து முகத்தையோ அசைவையோ தேடிப் போகும். அந்த முதல் தாவலுக்கே ஏறக்குறைய கால் நொடி ஆகிவிடும். அதற்குப் பிறகு வருவது நினைவின் பங்கு. படங்களை அடுத்தடுத்து மின்னவிட்டுச் சோதித்த மேரி பாட்டர் 1970-களில் ஒரு வித்தியாசத்தைக் கண்டார். ஒரு படத்தில் என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ள நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். அது நினைவில் படிய மேலும் சுமார் 300 மில்லிநொடி தேவை. அதற்குள் அடுத்த படம் வந்துவிட்டால் புரிந்ததும் அழிந்துபோகும். வேகமான விளம்பரத்தைப் பார்த்து முடித்தவர் எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது என்று சொல்லிவிட்டு, என்ன பார்த்தார் என்று கேட்டால் விழிப்பது இதனால்தான்.

ஆனால் எல்லா கட்டும் ஒரே விலை கேட்பதில்லை. இந்தத் துறையில் அதிகம் உழைத்தவர் ஆனி லேங். அவரும் அவருடைய சகாக்களும் 1990-களில் கட்களை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒரே இடம், ஒரே ஆட்கள், கேமரா கோணம் மட்டும் மாறுவது முதல் வகை. இடமும் ஆளும் பொருளும் மொத்தமாக மாறிவிடுவது இரண்டாவது. முதல் வகை கூடினால் கவனமும் கூடியது, நினைவும் கூடியது. இரண்டாம் வகை கூடினால் கவனம் வந்தது, நினைவு சரிந்தது. மனத்திடம் ஒரு நேரத்தில் செலவழிக்க இருக்கும் திறன் ஓர் அளவுக்கு உட்பட்டது. புது இடத்தை அடையாளம் காண்பதிலேயே அது தீர்ந்துபோனால், அப்போது காதில் விழுந்த வாசகத்தைச் சேமிக்க மிச்சம் இருக்காது. டிம் ஸ்மித்தும் ஜான் ஹெண்டர்சனும் 2008-இல் செய்த சோதனை இதற்கு நல்ல துணை. திரைப்படத் துண்டுகளைக் காட்டி, கட் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கட்டைப் பிடிப்பது மட்டுமே வேலை என்று உட்கார்ந்திருந்தவர்களே, ஓர் அசைவின் நடுவே கோணம் மாறும் கட்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றைத் தவறவிட்டார்கள். காட்சியே மாறும் இடங்களில் தவறவிட்டது பத்தில் ஒன்று அளவுதான். ஆக, டைம்லைனில் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு கோடுகளில் ஒன்று பார்ப்பவரின் கண்ணில் படுவதேயில்லை, இன்னொன்று அவரை உலுக்கிவிடுகிறது. இரண்டையும் கூட்டி ‘பத்து நொடிக்கு ஆறு’ என்று எழுதுவதில் என்ன தகவல் இருக்க முடியும்?

எண்ணிக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு, 2010-இல் வந்த ஓல்டு ஸ்பைஸ் விளம்பரத்தைவிடத் தெளிவான சாட்சி இல்லை. ஐசாயா முஸ்தஃபா கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்கிறார். குளியலறை விலகிப் படகாகிறது, படகு மறைந்து கடற்கரையில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார். பார்த்தவர்கள் அதை மிக வேகமான விளம்பரமாகவே நினைவு வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் கட் ஒன்றுகூடக் கிடையாது. லேங்கும் பின்னாளில் வெறும் கட்டை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கட்டும் எவ்வளவு புதுத் தகவலைக் கொண்டுவருகிறது என்று அளக்கத் தொடங்கினார். புதுப் பொருள் வந்ததா, கோணம் மாறியதா, கேமரா அருகே போனதா விலகியதா, முன்பு பார்த்ததோடு தொடர்பு உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. எடிட்டர் மேசையில் இதை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ‘புது இடத்துக்குப் போகும் கட்’, ‘அதே இடத்தில் இருக்கும் கட்’ என்று இரண்டு நிறத்தில் குறித்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி பொருளுக்கு வருவோம். பொருள்களை விலை, வயது, துறை என்று பிரிப்பதைவிட, விளம்பரம் பார்ப்பவரிடம் எதைக் கேட்கிறது என்று பிரிப்பது பயனுள்ளது. சில பொருள்கள் ‘நான் சொல்வது உண்மை, நீயே பார்’ என்கின்றன. அவற்றுக்கு கட்தான் எதிரி. ஒவ்வொரு கட்டும் கேமராவுக்கு வெளியே ஏதாவது நடந்திருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு ஒரு வாசல். வோல்வோ டிரக் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட படத்தில், பின்னோக்கி ஓடும் இரண்டு லாரிகளின் பக்கக் கண்ணாடிகளில் ஒவ்வொரு கால் வைத்து நிற்கிறார் ழான்-குளோட் வான் டாம். லாரிகள் மெல்ல விலக, அவர் கால்கள் விரிகின்றன. ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் அது ஒரே ஷாட். விற்க வேண்டியது ஸ்டீயரிங் எவ்வளவு துல்லியமானது என்பதை. நடுவில் ஒரே ஒரு கட் இருந்திருந்தால் அது வெறும் சினிமா ஸ்டண்ட் ஆகியிருக்கும், ஸ்டீயரிங்கைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். கறை நீக்கும் சோப்பு, உடையாத கண்ணாடி, கசியாத தண்ணீர்த் தொட்டி எல்லாம் இந்தக் கூட்டம். நிரூபணம் நடக்கும் நொடிகளில் கட் பூஜ்யம். அதற்கு முன்னும் பின்னும் எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்.

வேறு சில பொருள்களிடம் நிரூபிக்க எதுவும் இல்லை. சர்க்கரையும் வாயுவும் கலந்த தண்ணீர் தாகத்தைத் தணிக்கும் என்று யாருக்கும் விளக்க வேண்டாம். வாசனைத் திரவியத்தின் மணத்தைத் திரையில் காட்டவே முடியாது. அவை ஒரு மனநிலையை மட்டும் பெயரோடு சேர்த்து ஒட்டிவிடப் பார்க்கின்றன. அங்கே பத்து நொடியில் எட்டு, பத்து கட் வந்தாலும், எல்லாம் இடம் மாறும் கட்களாகவே இருந்தாலும் நஷ்டம் குறைவு. கடற்கரை, மொட்டை மாடி, பேருந்துக் கூரை, சிரிப்பு என்று ஓடும் படங்களைத் தனித்தனியாக யாரும் நினைவில் வைக்கத் தேவையில்லை. எல்லாம் சேர்ந்து சொல்வது ஒரே எண்ணம். போல்ஸ், மியூலிங், யூன் ஆகிய மூவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இந்த எல்லையைக் காட்டுகிறது. வேகமான விளம்பரம் பார்ப்பவரின் கவனத்தைத் தானாக இழுக்கிறது, ஆனால் அந்தக் கவனம் விளம்பரத்தின் அலங்காரங்கள் மேல் போகிறதே தவிர, அது சொல்லும் செய்திமேல் போவதில்லை. அலங்காரமே சரக்காக இருக்கும் பொருளுக்கு இது லாபம். செய்தி உள்ள பொருளுக்கு இழப்பு. குளிர்பான விளம்பரத்திலும் கடைசி ஷாட் மட்டும் நின்றாக வேண்டும். பெயர் வரும் ஷாட்டை மற்ற ஷாட்களின் தாளத்திலேயே அரை நொடியில் வெட்டிவிட்டால், மனநிலை நிற்கும், யாருடைய மனநிலை என்பது நிற்காது. போட்டி நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பாராட்டுகிறவர்கள் வரும் வழி இதுதான்.

மூன்றாவது வகை, விளக்கம் கேட்கும் பொருள்கள்: மருந்து, காப்பீடு, முதலீடு. இங்கே எடிட்டிங் வேகத்தில் அரசுகளே தலையிட்டிருக்கின்றன. அமெரிக்காவில் மருந்து விளம்பரங்களின் பக்கவிளைவு அறிவிப்பு பற்றி அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2023-இல் இறுதி செய்த விதி, அந்த அறிவிப்பு ஓடும்போது அதைப் புரிந்துகொள்ளத் தடையாகும் ஒலியோ காட்சியோ இருக்கக் கூடாது என்கிறது. பக்கவிளைவுகளைப் படிக்கும் குரலுக்கு மேல் பட்டாம்பூச்சியும் பேரக் குழந்தையும் ஓடிக்கொண்டிருந்த வழக்கத்துக்கு அது பதில். நம் நாட்டில் செபி, மியூச்சுவல் ஃபண்ட் எச்சரிக்கை வாசகத்துக்கு ஓர் அளவே சொன்னது. 14 ஆங்கிலச் சொற்கள் கொண்ட அந்த வாசகம் திரையிலும் குரலிலும் குறைந்தது 5 நொடி ஓடினால் தெளிவாக இருப்பதாகக் கொள்ளலாம் என்றது. ஆங்கிலத்தில் அது 26 அசை. 5 நொடிக்கு வகுத்தால் நொடிக்கு ஐந்து அசைக்குச் சற்று மேல், மனிதர் இயல்பாகப் பேசும் வேகம். அந்த 5 நொடியில் கட் வேண்டாம் என்று விதி சொல்லவில்லை என்றாலும், எழுத்தைப் படித்துக்கொண்டிருக்கும் கண்ணுக்குப் பின்னால் காட்சி மாறினால் பார்வை எழுத்தை விட்டு ஓடும், திரும்பி வந்து வரியைத் தேடும். அதனால் நடைமுறையில் அங்கே ஒரே ஷாட்தான் நியாயம்.

ஆரம்பத்தில் கேட்ட பட்டியல் இப்போது ஓரளவு கிடைத்துவிட்ட மாதிரித் தோன்றும்: நிரூபணத்துக்கு ஒன்றிரண்டு, விளக்கத்துக்கு இரண்டு முதல் நான்கு, மனநிலைக்கு எட்டு பத்து. முதல் வரைவுக்கு இந்த எண்கள் உதவும், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான விளம்பரங்கள் மூன்றையும் பத்து நொடிக்குள்ளேயே செய்கின்றன. ஒரு தொல்லையைச் சொல்லி, ஒன்றைக் காட்டி, பெயரைச் சொல்லி முடிக்கின்றன. எனவே எத்தனை என்பதைவிட எங்கே என்பதுதான் பெரிய கேள்வியாகிவிடுகிறது. அதற்கு ஸ்கிரிப்டின் பீட் தெரிய வேண்டும். ஓர் எண்ணம் தொடங்கி முடியும் துண்டு ஒரு பீட். ஒரு வாக்கியம் இரண்டு பீட்டாகலாம், மூன்று வாக்கியம் ஒரே பீட்டாகலாம்.

இந்தத் துண்டுகள் எழுத்தாளரின் கற்பனை மட்டும் இல்லை, பார்ப்பவர் தலைக்குள் உண்மையாகவே நடப்பவை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. டேரன் நியூட்சன் 1973-இல், ஒருவர் ஏதோ வேலை செய்யும் படத்தைக் காட்டி, ஒரு செயல் முடிந்து அடுத்தது தொடங்குவதாகத் தோன்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். வெவ்வேறு ஆட்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில் அழுத்தினார்கள். அந்த எல்லைகளில்தான் மனம் அதுவரை பார்த்ததை மடித்து வைக்கிறது. மேரிலின் போல்ட்ஸ் 1992-இல் செய்த சோதனை நம் விஷயத்துக்கு இன்னும் அருகில் வருகிறது. ஒரு படத்தின் நடுவே விளம்பர இடைவேளைகளை வைத்தார். சம்பவம் முடியும் இடத்தில் வைத்தபோது படம் கூடுதலாக நினைவில் நின்றது, சம்பவத்தின் நடுவில் வைத்தபோது குறைந்தது. இடைவெளியின் நீளமும் எண்ணிக்கையும் அதேதான், இடம் மட்டும் மாறியது. கட் ஒரு சிறிய இடைவேளை என்று எடுத்துக்கொண்டால், எண்ணம் முடியும் இடத்தில் விழும் கட் மடித்து வைக்கும் வேலைக்குக் கை கொடுக்கிறது, நடுவில் விழும் கட் மடிப்பைக் கலைக்கிறது.

ஒரு சிறிய படத்தில் இதை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். ஒட்டாத தோசைக்கல்லுக்கு 10 நொடி விளம்பரம். இந்தியத் தொலைக்காட்சிக்கு நொடிக்கு 25 ஃப்ரேம், மொத்தம் 250. ஸ்கிரிப்டில் நான்கு பீட். பழைய கல்லில் தோசை பிய்கிறது, குரல் கேட்கிறது: ‘ஒவ்வொரு தடவையும் பிஞ்சு போகுதா?’ புதுக் கல்லில் மாவு விழுகிறது: ‘இதுல எண்ணெய் வேண்டாம்.’ தோசைத் திருப்பி விளிம்பைத் தூக்க, தோசை முழுதாகத் தட்டில் சறுக்குகிறது: ‘ஒட்டவே ஒட்டாது.’ கடைசியில் பெயரும் விலையும். பேச்சு எல்லாம் சேர்ந்து நாற்பது அசைக்குள், நிதானமாகப் பேசினால் ஏழு நொடி. மூன்று நொடி பேச்சில்லாமல் கிடைக்கிறது. அந்த மூன்று நொடியை எங்கே செலவிடுவது என்பதுதான் எடிட்டரின் உண்மையான முடிவு.

வேகம் வேண்டும் என்று சொல்லப்பட்ட எடிட்டர் இதைப் பத்து ஷாட்டாக வெட்டுவார்: பிய்ந்த தோசை, சலித்த முகம், குழந்தையின் முகம், பளபளக்கும் புதுக் கல், மாவுக் கரண்டி, மேலிருந்து கல், விளிம்பு, பக்கவாட்டில் தோசை, தட்டு, பெயர். ‘ஒட்டவே ஒட்டாது’ என்ற ஆறு அசை மூன்று ஷாட்டில் பங்கிடப்பட்டுவிடும். அந்த மூன்றும் ஒரே அடுப்படி, ஒரே தோசை. லேங்கின் கணக்கில் இவை சுமையே இல்லாத கட்கள், நினைவுக்கு எந்தக் கேடும் இல்லை. கேடு நம்பிக்கைக்கு. விளிம்பு தூக்கப்பட்டதைப் பார்த்தோம், தட்டில் தோசையைப் பார்த்தோம், கல்லை விட்டு அது வந்ததைப் பார்க்கவில்லை. அது நடுவில் பிய்ந்து, வேறு தோசை வைத்து எடுத்திருக்கலாமே? அடுப்படியில் நாள்தோறும் நிற்பவருக்கு இந்தச் சந்தேகம் வர ஒரு கணம் போதும். சுமையும் நம்பிக்கையும் தனித்தனிக் கணக்குகள் என்பதை ஆய்வுக் கட்டுரைகளைவிட இந்தத் தோசை நன்றாகச் சொல்கிறது.

என் கணக்கு ஐந்து ஷாட், நான்கு கட்: 30, 30, 45, 80, 65 ஃப்ரேம். முதல் பீட்டில் பிய்யும் தோசையும் முகமும். அங்கே நிரூபிக்க ஒன்றும் இல்லை, தொல்லை எல்லோருக்கும் தெரிந்ததே, வேகமாகப் போகலாம். முகத்திலிருந்து புதுக் கல்லுக்குப் போவதுதான் படத்தின் மிகக் கனமான கட், பார்ப்பவர் புது இடத்தை அடையாளம் காண வேண்டும். அதனால் கட் விழுந்து பத்துப் பன்னிரண்டு ஃப்ரேம் கழித்தே ‘இதுல’ என்ற சொல் தொடங்க வேண்டும். அடுத்தது சிக்கலான இடம். மாவு ஊற்றியதற்கும் தோசை வெந்ததற்கும் நடுவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், கட் இல்லாமல் முடியாது. ‘எண்ணெய் வேண்டாம்’ என்று சொன்ன உடனேயே வரும் கட் என்பதால், அந்த இடைவெளியில் எண்ணெய் ஊற்றிவிட்டார்களோ என்று தோன்றும். இங்கே கேமராவை இம்மியும் நகர்த்தாமல், அதே கோணத்தில் மாவு தோசையாக மாறுவதைக் காட்டுவது நல்லது. ஒரே கோணத்தில் தாவும் கட்டைத் தவிர்க்க வேண்டும், குறைந்தது 30 பாகையாவது கேமரா நகர வேண்டும் என்று எடிட்டிங் பாடத்தில் சொல்வார்கள். இங்கே அந்தத் தாவல்தான் நேர்மையின் அடையாளம். கோணம் மாறினால் ஏதோ மறைக்கப்பட்டது போல் இருக்கும், மாறாவிட்டால் நேரம் மட்டும் போயிருக்கிறது என்று பார்ப்பவர் ஏற்றுக்கொள்வார். பிறகு 80 ஃப்ரேம், கட் இல்லாமல், விளிம்பிலிருந்து தட்டு வரை. மிச்சமிருந்த மூன்று நொடியில் பெரும்பகுதி இங்கே போகிறது. குரல் ஒரு நொடிதான், மீதி சறுக்கும் சத்தம்.

இதே நான்கு கட்டைச் சமமாகப் பங்கிட்டுப் பாருங்கள்: இரண்டாவது, நான்காவது, ஆறாவது, எட்டாவது நொடிகளில். எண்ணிக்கை மாறவில்லை. மூன்றாவது கட் தோசை சறுக்கும்போது நடுவில் விழுகிறது, நான்காவது பெயரின் பாதியில். பத்து நொடிக்கு நான்கு என்ற பட்டியலின்படி இரண்டு படங்களும் ஒன்றே.

படம் சரியாக வந்திருக்கிறதா என்று அறிய நியூட்சனின் பொத்தானையே கடன் வாங்கலாம். திரையை அணைத்துவிட்டு, ஸ்கிரிப்டைப் படிக்காத ஒருவரிடம் ஒலியை மட்டும் போட்டுக் காட்டி, ஒரு விஷயம் முடிந்தது என்று தோன்றும்போது மேசையைத் தட்டச் சொல்லுங்கள். பிறகு ஒலியை நிறுத்திக் காட்சியை மட்டும் இன்னொருவரிடம் காட்டி அதையே செய்யச் சொல்லுங்கள். இரண்டு தட்டல்களும் ஒன்றுக்கொன்று அரை நொடிக்குள் விழுந்தால் படமும் பேச்சும் சேர்ந்து நடக்கின்றன. ஒலியில் தட்டல் விழுந்த இடத்தில் காட்சியில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பெரிய பழுதில்லை. காட்சியில் தட்டல் விழும் இடத்தில் ஒலியின் நடுவாக்கியம் ஓடினால் அதுதான் திருத்த வேண்டிய கட். மூன்றாவது ஒருவரிடம் முழுப் படத்தையும் ஒரு தடவை காட்டி, ஐந்து நிமிடம் வேறு பேச்சுப் பேசிவிட்டு, என்ன பொருள், அது என்ன செய்யும் என்று கேட்க வேண்டும். முகங்களையும் நிறங்களையும் விவரித்துவிட்டு, பொருள் என்ன செய்யும் என்பதில் தடுமாறினால், இடம் மாறும் ஒரு கட் முக்கிய வாசகத்துக்கு மிக அருகில் விழுந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எதிர்வாதங்களில் முதலாவது தலைமுறை பற்றியது. இந்த ஆய்வுகளில் பல முப்பது ஆண்டு பழையவை, ரீல்ஸ் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இதெல்லாம் பொருந்துமா என்று கேட்பார்கள். பழக்கம் எதிர்பார்ப்பை மாற்றும் என்பது உண்மை, மெதுவான தொடக்கத்தை அவர்கள் விரல் பொறுத்துக்கொள்ளாது. ஆனால் அந்த ரீல்ஸ்களையே கூர்ந்து பாருங்கள். ஒருவர் கேமரா முன் பேசுகிறார், மூச்சு வாங்கும் இடமெல்லாம் வெட்டி எறியப்பட்டிருக்கிறது. பத்து நொடியில் பத்து கட் இருக்கும், இடமும் ஆளும் ஒன்றேதான். கட்கள் வாக்கியத்தின் ஓரங்களில் விழுகின்றன. இந்த அத்தியாயம் சொல்வதற்கு அது சாட்சியே தவிர மறுப்பு இல்லை. படம் நினைவில் படியத் தேவையான அந்தக் கால், அரை நொடியும் பயிற்சியால் மறைந்துவிடக்கூடிய வகையைச் சேர்ந்ததில்லை. கண்ணின் தாவலும் மூளையின் சேமிப்பும் ஒரு பத்தாண்டில் மாறுபவை அல்ல.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது. யூடியூபில் ஐந்தாவது நொடியில் தாண்டிப்போகும் பொத்தான் வந்துவிடுகிறது, அதற்குள் பிடிக்காவிட்டால் நிரூபணத்தைக் காட்ட ஆளே இருக்க மாட்டார்கள், எனவே முன்பகுதியில் சரமாரியாக வெட்டத்தான் வேண்டும் என்பது. கவனத்தை முதலில் பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கட்டால் திரும்பும் கவனம் அடுத்த சில நொடிக்குப் போதும். அதைப் பெற ஒரு கட் போதுமா, ஐந்து வேண்டுமா? ஐந்து வைத்தால், ஐந்தாவது நொடியில் பார்ப்பவர் இன்னும் எங்கே இருக்கிறோம் என்று தேடிக்கொண்டிருப்பார். பொத்தானை அழுத்துவதற்கு அதைவிட நல்ல மனநிலை கிடையாது. தோசை பிய்யும் ஓசையோடு தொடங்கும் ஒரே ஷாட், கேள்வி ஒன்றை எழுப்பிவிட்டுப் பொத்தானைத் தாண்டும். தவிர, வேகத்துக்கு ஒரு கடின எல்லையும் உண்டு. 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் மாறிமாறி மின்ன, அறுநூறுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பிரிட்டனின் ஒளிபரப்பு வழிகாட்டுதல் நொடிக்கு மூன்றுக்கு மேல் மின்னலை அனுமதிப்பதில்லை. இருட்டும் வெளிச்சமுமாக மாறும் ஷாட்களை அதற்கு மேல் வேகமாக அடுக்கினால் அதுவும் மின்னல் கணக்கில்தான் வரும்.

மூன்றாவது சிக்கலை யாரும் எதிர்வாதமாக வைப்பதில்லை, ஆனால் தமிழ்ப் பார்வையாளர் நாள்தோறும் அனுபவிப்பது அதுதான். பெரிய நிறுவனங்களின் விளம்பரம் பெரும்பாலும் வேறு மொழியின் பேச்சுக்கு வெட்டப்பட்டு, பிறகு தமிழில் டப்பிங் செய்யப்படுகிறது. பீட்டுக்கு ஏற்ப விழுந்த கட்கள் அந்த மொழியின் பீட்டுக்கு ஏற்றவை. செபியின் எச்சரிக்கையையே எடுத்துக்கொள்வோம். மியூச்சுவல் ஃபண்டு முதலீடுகள் சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை, திட்டம் தொடர்பான அனைத்து ஆவணங்களையும் கவனமாகப் படிக்கவும் என்று சொல்ல 47 அசை வேண்டும். 26 அசைக்கு ஒதுக்கிய அதே 5 நொடிக்குள் அதைத் திணித்தால் நொடிக்கு ஒன்பதுக்கும் மேல். அந்த வாசகம் தமிழில் குதிரைப் பாய்ச்சலாக ஓடியது அறிவிப்பாளரின் குற்றமில்லை. இயல்பான வேகத்தில் அதற்கு ஒன்பது நொடி ஆகும். குறைந்தது 5 என்பதுதானே அளவாக இருந்தது, கூடுதலாக எடுத்துக்கொள்ள யாரும் தடுக்கவில்லை. ஆனால் படம் ஏற்கெனவே பூட்டப்பட்டுவிட்டிருந்தது.

அளவு மட்டும் பிரச்சினை இல்லை, வரிசையும்தான். ஆங்கிலத்தில் ‘இல்லை’ என்ற மறுப்பு வாக்கியத்தின் தலையிலேயே வந்துவிடும். எண்ணெய் என்ற சொல் வருவதற்கு முன்பே அது வேண்டாம் என்று தெரிந்துவிடுகிறது, எனவே எடிட்டர் வாக்கியம் முடிவதற்குச் சற்று முன்பே துணிந்து வெட்டலாம். தமிழில் ‘எண்ணெய்’ முதலில் வந்து, ‘வேண்டாம்’ கடைசியில் வருகிறது. அதே ஃப்ரேமில் வெட்டினால், எண்ணெய் என்று கேட்ட கணத்தில் காட்சி மாறி, வேண்டாம் என்பது அடுத்த ஷாட்டின் மேல் விழும். தமிழுக்குத் தனியாக எடிட் செய்ய வாடிக்கையாளர் பணம் ஒதுக்குவார் என்று எதிர்பார்ப்பது பெரும்பாலும் வீண். எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. முக்கிய வாசகம் வரும் ஷாட்டையும் அதற்கு அடுத்த ஷாட்டையும் படம் பிடிக்கும்போதே இரு முனையிலும் அரை நொடி கூடுதலாக ஓடவிட்டு, அந்த உபரியோடு ப்ராஜெக்ட் ஃபைலைத் தமிழ் ஸ்டுடியோவுக்கு அனுப்பச் சொல்வது. பன்னிரண்டு ஃப்ரேம் கையில் இருந்தால், மொத்த நீளத்தைத் தொடாமல், அந்த ஒரு கட்டை மட்டும் ‘வேண்டாம்’ முடிந்த பிறகு நகர்த்திவிடலாம். முடிந்த வீடியோவாக மட்டும் அனுப்பினால் டப்பிங் ஸ்டுடியோவால் குரலை வேகப்படுத்துவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது.